தாண்டிப் போக முடியாத பாட்டு

இசைத்தட்டு, கேசட், டிஜிட்டல் கோப்பு என்று பேச்சு வந்தாலே அது ஒலித்தரத்தில் போய் நின்றுவிடும். எதில் இரைச்சல் குறைவு, எதில் குரல் துல்லியம் என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். எனக்கும் அந்த வாதத்தில் ஈடுபாடு உண்டு. ஆனால் நாம் பாட்டுக் கேட்கும் பழக்கம் மாறியதற்கு ஒலித்தரத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக எவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது என்பதுதான் அது. அந்த மெனக்கெடல் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. கடைசியில் இல்லாமலே போனது.

கிராமபோனில் இருந்து தொடங்குகிறேன். ஒரு பக்கம் ஏன் மூன்று நிமிடம் மட்டும் ஓடியது என்று பலர் கேட்பதுண்டு. சின்னக் கணக்குதான். 10 அங்குலத் தட்டில் நடுவில் லேபிளுக்கும் விளிம்புக்கும் இடம் விட்டால், பள்ளம் வெட்டக் கிடைக்கும் அகலம் சுமார் 2.8 அங்குலம். அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. ஒரு அங்குலத்துக்குள் ஏறக்குறைய 90 சுற்றுகள் அடங்கும். ஆக மொத்தம் 250 சுற்று. தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிறது. வகுத்துப் பார்த்தால் மூன்றே கால் நிமிடம் வரும். 12 அங்குலத் தட்டில் நாலு, நாலரை நிமிடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பள்ளத்தை நெருக்க வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். கனமான ஊசியையும் அரக்குத் தட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முடியாது.

அந்த மூன்று நிமிடத்தைக் கேட்பதற்குள் கைக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். சாவி கொடுக்க வேண்டும். தட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். பழைய ஊசியைக் கழற்றிப் புதியது மாட்ட வேண்டும். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருந்தது. தட்டின் அரக்கில் கல்பொடி கலந்திருப்பார்கள். முதல் சில சுற்றுகளில் அந்தப் பொடி ஊசி முனையைத் தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பக்கம் முடியும்போது முனை தட்டையாகி, ஓரங்கள் கூராகியிருக்கும். அதை அப்படியே அடுத்த தட்டில் வைத்தால் அந்தப் பள்ளத்தைச் செதுக்கிவிடும். உயர் சுரங்கள் கரகரவென்று உடைந்து கேட்டால், தேய்ந்த ஊசியால் அடிபட்ட தட்டு அது என்று கண்டுபிடித்துவிடலாம். உள்சுற்றுகளில், அதாவது பாட்டின் முடிவில், அந்தக் கரகரப்பு இன்னும் அதிகமாக இருக்கும். ஊசி அதற்குள் தேய்ந்திருப்பது ஒரு காரணம். நடுவை நெருங்க நெருங்கப் பள்ளம் ஊசிக்கடியில் ஓடும் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, அதே சுரம் இன்னும் சின்ன இடத்துக்குள் நெருக்கப்படுவது இன்னொன்று.

இத்தனை வேலை செய்து ஒரு பாட்டைப் போட்டவர் அதை நடுவில் நிறுத்துவது அபூர்வம். அடுத்து எதைப் போடலாம் என்று ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் யோசிக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த யோசனை பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. தேர்ந்தெடுப்பது முதலில், கேட்பது அப்புறம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தலைகீழாகப் போகிறது.

நீண்ட இசைக்கு என்ன செய்தார்கள்? வெட்டினார்கள். 1913-இல் ஆர்தர் நிகிஷ் நடத்த, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தது. அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படைப்பு, எட்டுப் பக்கங்களில் வந்தது. அந்தக் காலத்தில் இது வெறும் வெளியீட்டு வசதிக்கான வெட்டு அல்ல. மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிந்ததால், இசைக்குழுவே ஒவ்வொரு நாலு நிமிடத்துக்கும் வாசிப்பை நிறுத்தி, புது மெழுகு வந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்த வசதியான இடத்தை முன்கூட்டியே தேடி வைத்திருப்பார்கள். பாடகர்களும் தங்கள் உருப்படியை மூன்று நிமிடத்துக்குள் முழுசாக அடக்கப் பழகினார்கள். திரும்பத் திரும்ப வரும் இடங்கள் குறைந்தன, மெதுவாக நடக்க வேண்டியது கொஞ்சம் வேகமெடுத்தது.

1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. வினைல், நுண்ணிய பள்ளம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். எல்.பி. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாட்டுகளுக்கு நடுவில் வழவழப்பான மெல்லிய வளையங்கள் தெரியும். நாலாவது பாட்டு வேண்டுமென்றால் மூன்றாவது வளையத்தில் ஊசியை இறக்கினால் போதும். அதாவது எல்.பி.யில் தாண்டிப் போக முடிந்தது. கொஞ்சம் கை நடுக்கம் இல்லாமல் இருந்தால் சரி.

கேசட்டில் அந்த வசதி போனது. 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டின் டேப் 3.81 மில்லிமீட்டர் அகலம், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் என்றால், சுமார் 129 மீட்டர் டேப் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். அந்த 129 மீட்டரும் பார்வைக்கு ஒரே பழுப்பு நிறம். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நாலு நிமிடப் பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் நிறுத்து, ஃபார்வர்டு, நிறுத்து, ப்ளே. கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கும், அதனால் ரீவைண்ட், நிறுத்து, ப்ளே. அரை நிமிடம் அப்படியே போய்விடும். பேட்டரியில் ஓடும் பெட்டியாக இருந்தால் அதுவும் சீக்கிரம் தீரும்.

சில டேப் ரெக்கார்டர்களில் மூன்று இலக்க எண்ணி ஒன்று இருக்கும். அதை நம்பிப் பாட்டைத் தேடியவர்களுக்கு அதன் குணம் தெரியும். அது நேரத்தைக் காட்டுவதில்லை, டேப்பைச் சுற்றிக்கொள்ளும் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறது. தொடக்கத்தில் அந்தச் சக்கரத்தில் டேப் குறைவு, அதனால் வேகமாகச் சுற்றும், எண்களும் வேகமாக ஓடும். முடிவில் சக்கரம் பருத்து, எண்கள் மெதுவாக நகரும். முதல் பாட்டுக்கு ஓடிய எண்களில் கடைசிப் பாட்டுக்குப் பாதிதான் ஓடும். கேசட்டை முழுசாக ரீவைண்ட் செய்து எண்ணியைப் பூஜ்யத்தில் வைக்காவிட்டால் அதுவும் பயனில்லை. பிற்காலத்தில் பாட்டுகளுக்கு நடுவே உள்ள அமைதியைக் கண்டுபிடித்துத் தானாக நிற்கும் கேசட் டெக்குகள் வந்தன. பாட்டுக்குள்ளேயே அமைதியான இடம் வந்தால் அங்கேயும் நின்றுவிடும், இரைச்சலான டேப்பில் எங்கேயுமே நிற்காது.

ஆகவே நாங்கள் பக்கத்தைக் கேட்டோம். பாட்டைத் தேடிக் கேட்பது சிரமம் என்பதால் ஏ பக்கம் என்றால் ஏ பக்கம் முழுவதும். பிடித்த பாட்டு மூன்றாவதாக வரும் என்றால், முதல் இரண்டும் ஓடித் தீர வேண்டும். நூறு முறை கேசட் போட்டால் அந்த இரண்டு பாட்டும் நூறு முறை காதில் விழும். என்னிடம் இன்று பிரியமாக இருக்கும் பாட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி வழியில் நின்றவைதான். முதல் தடவை கேட்டபோது அவற்றில் எதுவும் என்னை ஈர்க்கவில்லை. பத்தாவது, பதினைந்தாவது தடவையில் பின்னணி வயலின் ஒன்று பிடிபடும், அப்புறம் பாட்டே பிடித்துப்போகும். இந்தப் பழக்கத்தைக் கேசட் எங்களுக்கு யாரும் கேட்காமலே கொடுத்தது.

கேசட் தனியாகக் கேட்பதையும் கொடுத்தது. 1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன, இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்காக. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலும் ஒன்றே மிஞ்சியது. அதைவிடப் பெரிது, வீட்டிலேயே பதிந்துகொள்ள முடிந்தது. பாட்டின் வரிசையைக் கேட்பவரே முடிவு செய்தார். ஆனால் அந்த முடிவை எடுக்கப் பாட்டின் முழு நீளத்துக்கும் உட்கார வேண்டும். 90 நிமிடக் கேசட்டை நிரப்ப 90 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அப்படி உட்கார்ந்து நிரப்பிய கேசட் ஒன்று போன ஆண்டு என் கைக்கு வந்தது. என் மாமா தன் அப்பாவின் 78 தட்டுகளை மின்சார ரெக்கார்டு பிளேயரில் ஓட்டி, ஒயர் மூலம் டெக்கில் இணைத்துப் பதிந்து வைத்த சி-90. தட்டுகள் பிறகு உடைந்தும் தொலைந்தும் போய்விட்டன, இது மட்டும் இருக்கிறது. இதைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். மூன்று காலமும் ஒரே இடத்தில் படிந்திருக்கும் பொருள் என்பதால் நிதானமாகவே செய்தேன்.

முதலில் டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பாவது நின்றால்தான் சுத்தம். கேசட்டைத் திறந்து, டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டு விடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும், பலர் டேப்பே போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். பல வருடம் அசையாமல் கிடந்த டேப்பின் சுற்றுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும் என்பதால், ஒரு முறை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திக்கொண்டேன்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு. பதிந்த ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் அணு அளவு சாய்வில் மாறுபட்டாலும் உயர் ஒலிகள் கரைந்துபோகும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாகக் கேட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சரியான இடத்தில் தட்டின் பொறிப்பொறிச் சத்தம் திடீரென்று கூர்மையாகும். இந்தக் கேசட்டில் என் அளவுகோல் அந்தக் கீறல் சத்தம்தான்.

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாடியவரின் சுருதி என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பதிவில் வேறொன்று இருந்தது. மாமாவின் ரெக்கார்டு பிளேயரிலிருந்து வந்த மின்சார உறுமல். எங்கள் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவது, அதனால் அந்த உறுமல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அலைவரிசைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. மெல்லியது ஒன்று சரியாக 50-இல். அது இப்போது ஓடும் என் டெக்கின் உறுமல். இன்னொன்று 51.2-இல், அது டேப்பில் பதிந்து வந்தது. அப்படியென்றால் டேப் 2.4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. மாமாவின் டெக் மெதுவாக ஓடியதா, என்னுடையது வேகமாக ஓடுகிறதா என்பது முக்கியமில்லை, விகிதம் தெரிந்தால் போதும். 2.4 சதவீதம் என்பது அரைச் சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. காது பழகியவர்களுக்கு நிச்சயம் தெரியும். 45 நிமிடப் பக்கம் 44 நிமிடத்திலேயே முடிந்துவிடும். அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைத்தேன். அன்றைய மின்சாரமே கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கலாம் என்பதால் இது கடைசிப் புள்ளி வரை துல்லியம் என்று சொல்லவில்லை.

டேப்பின் வேகம் சரியானது. தட்டு சுற்றிய வேகம்? அதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. ஒரு தட்டில் குறுக்காக ஒரு கீறல். ஊசி அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு "டிக்". 78 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.77 நொடி. திருத்திய பதிவில் 50 டிக்குகளுக்கு 38 நொடியும் அரை நொடியும் ஆனது. வகுத்தால் 0.77. மாமாவின் ரெக்கார்டு பிளேயர் ஒழுங்காகவே சுற்றியிருக்கிறது. இதற்கு மேல் போக முடியாது. ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே 78-இல் பதிந்தவை அல்ல, 70 சொச்சத்திலிருந்து 80-க்கு மேல் வரை இருந்தன. பதிந்த அறையில் மெழுகு என்ன வேகத்தில் சுற்றியது என்பதை இந்த டிக் சொல்லாது.

இந்தப் பதிவில் எந்த இரைச்சல் யாருடையது என்று பிரித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் பொறிப்பொறிப்பு தட்டுடையது. அடியில் சீராக ஓடும் "ஸ்ஸ்" டேப்புடையது. பாட்டு முடிந்ததும் ஊசி வெற்றுப் பள்ளத்தில் சுழலும் சத்தம் கொஞ்சம், அப்புறம் மாமா பாஸ் பொத்தானை அழுத்திய ஒரு "டப்", உடனே அடுத்த தட்டின் தொடக்கம். ஒரு நீண்ட வயலின் உருப்படி தட்டின் இரண்டு பக்கங்களில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முடிவில் வாசித்தவர் ஒரு தீர்மானத்துடன் நிறுத்துகிறார். இரண்டாம் பக்கம் கொஞ்சம் வேகமாகத் தொடங்குகிறது. கணினியில் இரண்டையும் ஒட்டிவிடலாம். ஒட்டிப் பார்த்தேன், இணைப்பில் காலப்பிரமாணம் தாவியது. அவர் அதை ஒரே மூச்சில் வாசிக்கவே இல்லை, தட்டுக்காக இரண்டாக வாசித்தார். அதனால் நடுவில் இரண்டு நொடி இடைவெளியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏ பக்கத்தின் முடிவில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருந்தது. கடைசிப் பாட்டு ஒன்றரை நிமிடம் ஓடுவதற்குள் டேப் தீர்ந்துவிடுகிறது. சொல்லின் நடுவில் வெட்டு. பி பக்கத்தில் அதே பாட்டு முதலிலிருந்து முழுசாக வருகிறது. மாமாவிடம் கேட்டேன். "பாதியில நின்னா அது பாட்டே இல்ல மாப்ளே. அதான் அந்தப் பக்கம் முதல்லேர்ந்து போட்டேன்" என்றார். அந்தத் துண்டை ஏன் அழிக்கவில்லை என்றதற்கு, "அழிச்சா அந்த இடத்துல வெறும் இரைச்சல்தானே ஓடும்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் நின்று, கேசட்டைத் திருப்பிப் போட்டதும் மறுபடி தொடங்கும் ஒன்றாகவே மனதில் இருக்கிறது.

இனி வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தைத் தனித்தனிப் பாட்டுக் கோப்புகளாக ஆக்கும் வேலை. டிஜிட்டல் காலம் கேட்கும் பழக்கத்தை மாற்றியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 1982-இல் குறுந்தட்டு வந்தபோதே ஒவ்வொரு பாட்டுக்கும் எண் வந்துவிட்டது, பொத்தானை அழுத்தினால் அடுத்தது. ஆனாலும் அது 74 நிமிடம் கொள்ளும் ஒரு தட்டாகவே இருந்தது. தாண்டினாலும் அதே தட்டின் அடுத்த பாட்டுக்குத்தான் போக முடியும். எம்பி3 அந்தத் தட்டையும் எடுத்துவிட்டது. குறுந்தட்டின் தரத்தில் 45 நிமிடத்துக்கு சுமார் 476 மெகாபைட் வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3-இல் அதுவே 43 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் என்று மனக்கணக்குப் போட்டுப் பழகியவர்கள் பலர் இருப்பார்கள். மெதுவான இணைப்பில் ஆல்பம் முழுவதையும் இறக்குவது நீண்ட வேலை, ஒரு பாட்டை இறக்குவது சுலபம். 1999-இல் பாட்டுக் கோப்புகளை இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்தபோது மக்கள் தேடியது பாட்டின் பெயரை. 2001-இன் ஐபாட் ஆயிரம் பாட்டு என்று எண்ணிச் சொன்னது. 2003-இல் ஐட்யூன்ஸ் கடை பாட்டைத் தனித்தனியாக விற்றது. பக்கம் என்ற ஒன்று அளவாக இருப்பது அதோடு போயிற்று.

கிராமபோனில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேட்டோம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே தேர்ந்தெடுக்கிறோம். பாட்டு தொடங்கியதும் வைப்பதா தள்ளுவதா என்ற கேள்வி வந்துவிடுகிறது, விரல் தயாராக இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே அந்த 30 நொடிக்குள் கேட்பவரைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற நெருக்கடி பாட்டு செய்பவருக்கும் இருக்கிறது. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு, 1986 முதல் 2015 வரை அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை எடுத்துப் பார்த்தது. குரல் தொடங்குவதற்கு முன் வரும் முன்னிசை 20 நொடிக்கு மேல் இருந்தது, ஐந்து நொடியாகச் சுருங்கியிருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சுருக்கம் இணைய ஒலிபரப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அதனால் பழியை முழுக்க அதன் மேல் போட முடியாது. ஆனால் திசை அதுவாகவே இருக்கிறது.

வரிசையும் போனது. கலைத்துப் போடும் ஷஃபிள் பல இடங்களில் முதல் பொத்தானாகவே உட்கார்ந்திருந்தது. 2021-இல் பாடகி அடெல் தன் புது ஆல்பம் வந்தபோது, ஆல்பம் பக்கத்தில் அது முதல் தேர்வாக இருக்க வேண்டாம் என்று கேட்டு, ஸ்பாட்டிஃபையும் மாற்றியது. பாட்டுகளை யோசித்து அடுக்கியவர் அந்த வரிசையிலேயே கேளுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

எம்பி3-யாக வெட்டுவதில் தொழில்நுட்பமாகவும் ஒரு சிக்கல் உண்டு. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 26 மில்லிநொடி. பாட்டு சரியாகக் கட்டத்தின் எல்லையில் முடியாது என்பதால், மிச்சத்தை அமைதியால் நிரப்பும். தொடக்கத்திலும் சுருக்கும் முறையால் கொஞ்சம் அமைதி சேர்ந்துவிடும். தனிப் பாட்டுக்கு இது தெரியாது. இடைவெளியே இல்லாமல் ஓடும் இசையை இரண்டு கோப்பாக வெட்டினால் நடுவில் ஒரு சின்னத் திக்கல் கேட்கும். எம்பி3 உருவாக்கும் லேம் போன்ற மென்பொருள் எவ்வளவு அமைதி சேர்த்தது என்று கோப்பின் தலையில் எழுதி வைக்கும். பிளேயர் அதைப் படித்தால் திக்கல் வராது, படிக்காவிட்டால் வரும். இந்தக் கேசட்டில் பாட்டுகளுக்கு அடியிலேயே "ஸ்ஸ்" இரைச்சல் தொடர்ந்து ஓடுவதால், கோப்பு மாறும் இடத்தில் அந்த இரைச்சல் நொடியின் சிறு பங்குக்கு அறுந்து மறுபடி வருவது தெளிவாகக் கேட்டது.

அதனால் நான் வெட்டவில்லை. ஒரு பக்கத்தை ஒரே ஃபிளாக் கோப்பாக வைத்தேன், இதில் ஒலி எதுவும் இழக்கப்படாது. பாட்டுகள் எங்கெங்கே தொடங்குகின்றன என்பதைப் பக்கத்தில் ஒரு க்யூ கோப்பில் எழுதினேன். அது வெறும் எழுத்துக் கோப்புதான்:

```
FILE "side-a.flac" WAVE
  TRACK 01 AUDIO
    INDEX 01 00:00:00
  TRACK 02 AUDIO
    INDEX 01 03:21:40
  TRACK 03 AUDIO
    INDEX 01 06:48:12
```

நேரம் நிமிடம், நொடி, அப்புறம் நொடியில் 75-இல் ஒரு பங்கு என்ற வரிசையில் இருக்கும். இதைப் படிக்கத் தெரிந்த பிளேயரில் பாட்டுகள் பட்டியலாகத் தெரியும், வேண்டியதைத் தொட்டும் கேட்கலாம். ஆனால் அடியில் இருப்பது அறுபடாத 45 நிமிடம். தொடங்கிவிட்டால் தட்டின் இரைச்சல், பாஸ் பொத்தானின் "டப்", வெட்டுப்பட்ட கடைசிப் பாட்டு எல்லாமே வரிசையாக ஓடும். பொறிப்பொறிப்பை நீக்கிய தனிப் பிரதி ஒன்றும் செய்தேன். மென்மையாகத்தான் நீக்கினேன், கொஞ்சம் அதிகமாகப் போனாலே வயலின் வில்லின் உராய்வும் சேர்ந்து போய்விடுகிறது.

மாமாவின் மகள் அலைபேசியில் கேட்பதற்காகத் தனித்தனிப் பாட்டுகள் வேண்டும் என்றாள். அவளுடைய அலைபேசி க்யூ கோப்பைப் படிக்காது. ஒவ்வொரு வெட்டையும் தட்டின் வெற்றுச் சுழற்சிக்கு நடுவில் வைத்து, முன்னும் பின்னும் இரண்டு நொடி இரைச்சலை மெல்ல ஏற்றி இறக்கி, எம்பி3-யாகக் கொடுத்தேன். கோப்பின் பெயர் முன்னால் 01, 02 என்று எண் போட்டதால் ஷஃபிள் இல்லாவிட்டால் மாமா அடுக்கிய வரிசையிலேயே வரும். அந்த ஒன்றரை நிமிடத் துண்டை விட்டுவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றாள். அது அவளிடம் ஏ பக்கத்தின் கடைசி எண்ணாக இருக்கிறது.

அடுத்து இன்னும் சில கேசட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று சி-120. அதன் டேப் மிகவும் மெல்லியது, வேகமாக ஓட்டினால் இழுபடும், ரப்பர் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதை முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்தப் போவதில்லை. ஒரு பக்கத்தைப் பதிவு செய்யாமல் சாதாரண வேகத்தில் ஒரு முறை முழுசாக ஓடவிட்டு, அதன் பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். உருளையில் டேப் சிக்கினால் உடனே நிறுத்த ஆள் வேண்டும்.